தோம்பிலிருந்து இடாப்புவரை: கட்டாயக் கல்வி பிறந்த கதை

யாழ்ப்பாணத்தில் காணி உறுதியோடு பழகியவர்களுக்குத் தோம்பு என்ற சொல் தெரியும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. காணியையும் அதன் உடையவரையும் பதிந்த பெரும் புத்தகத்துக்கு அந்தப் பெயர். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே இன்னொரு தோம்பும் இருந்தது. அதுதான் பள்ளிக்கூடத் தோம்பு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற விதி நம் மண்ணில் அந்தப் புத்தகத்தோடுதான் பிறந்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் கட்டிவைத்த கோவில்களைத் தமது புரட்டஸ்தாந்து சபைக்கு எடுத்துக்கொண்டு, கோவிலுக்கொரு பள்ளி வைத்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை என்று குடாநாடு முழுவதும் அப்படிப் பள்ளிகள் இருந்ததை, இங்கே போதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் எழுதிவைத்திருக்கிறார். படிப்பித்தவர்கள் உள்ளூர்த் தமிழர்கள். பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டப்பணம். ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளித் தோம்பிலேயே பதியப்பட்டன. தோம்பில் பெயர் இல்லாதவர் தம் கலியாணத்தையும் பிள்ளைகளின் உரிமையையும் நிறுவுவது கடினம். ஆகவே சனம் பிள்ளையை அனுப்பியது.

அனுப்பிய பிள்ளை என்ன படித்தது? வேதவினாவிடையும் செபங்களும்தான் பாடத்தின் நடு. மேற்பார்வைக்கு வருகிற போதகர் கேள்வி கேட்பார். பிள்ளை மனனம் செய்த விடையைச் சொல்லும். ஒல்லாந்தர் போனதும் தண்டமும் போனது. தோம்பில் ஆயிரக்கணக்கில் இருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் சைவக் கோவில்களுக்கே திரும்பினார்கள். வரவு நிறைந்திருந்தது, ஆனால் படித்தது உள்ளே இறங்கவில்லை. கட்டாயக் கல்வி பிறந்தபோதே இந்தக் குறையும் கூடப் பிறந்துவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் கட்டாயம் மறுபடி சட்டமானது. 1906இல் நகரங்களுக்கும் 1907இல் கிராமங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் பள்ளி வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் பெயர் இடாப்பில் இருந்தாலும் அவர்களை வாங்கில் இருக்க விடவில்லை. நிலத்தில் இருத்தினார்கள், சில இடங்களில் வெளியே இருத்தினார்கள். உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று அரசு பணித்தபோது, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அந்தப் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிகள் சில எரிக்கப்பட்டன. இடாப்பில் பெயர் ஏறுவது ஒன்று, வகுப்பில் இடம் கிடைப்பது வேறொன்று என்பதை நம்முடைய ஊரே அன்று காட்டியது.

இலவசக் கட்டாயக் கல்வி என்கிறோமே, அதில் இலவசம் என்ற பாதி 1945இல் வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை கொடுத்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றானது. பாடப்புத்தகம் 1980 முதல் இலவசம். கட்டாயம் என்ற மறுபாதிக்கு 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இடம் வைத்திருந்தது. ஆனாலும் 5 வயது முதல் 14 வயதுவரை பிள்ளை பள்ளியில் இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதி 1997இன் கடைசியில்தான் வர்த்தமானியில் வெளியாகி, 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1995இன் பெரும் இடப்பெயர்வு முடிந்து, உடைந்த கூரைகளின் கீழ் எங்கள் பள்ளிகள் மறுபடி நடக்கத் தொடங்கிய காலம் அது. 2016இல் மேல் வயது 16 ஆக்கப்பட்டது.

இந்த விதியை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். கடமை பெற்றோரின் தலையில் இருக்கிறது. பிள்ளையை அனுப்பாவிட்டால் ஏன் என்று அவர்களிடம் கேட்கலாம். அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லாருக்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிசெய்வதை அரசின் வழிகாட்டி நெறியாக வைத்திருக்கிறது. ஆனால் அந்த நெறிகளை நீதிமன்றில் நிலைநாட்டமுடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. பள்ளி அனுமதியில் பாகுபாடு நடந்தால், சமத்துவ உரிமையைச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம். பதினொரு வருடம் போய் வந்தும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால், அதைச் சொல்லி வழக்கு வைக்க ஒரு பிரிவும் இல்லை.

இடாப்பு எதை மறைக்கிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். வருடத்தில் ஏறக்குறைய 200 பள்ளி நாள். கிழமைக்கு ஒரு நாள் வராத பிள்ளைக்கு 80 வீத வரவு. இடாப்பில் அது நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தப் பிள்ளை தவறவிட்டது 40 நாள், அதாவது எட்டுக் கிழமைப் பாடம். தரம் ஒன்றில் கொம்பு போடப் பழக்கிய நாள் அதற்குள் அகப்பட்டால், ‘கெ’யும் ‘கே’யும் அந்தப் பிள்ளைக்கு வெறும் கோடுகள். அடுத்த வருடமும் வகுப்பேற்றம் உண்டு, அதற்கடுத்த வருடமும் உண்டு. யாரும் மறிப்பதில்லை.

நாள் தவறாமல் வருகிற பிள்ளையிடமும் இதே இடைவெளி இருக்கலாம். தரம் மூன்றில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் வாசிப்புப் புத்தகத்தைக் கொடுங்கள். கடகடவென்று ஒப்பிக்கும். இப்போது படத்தைக் கையால் மூடி, நடுவிலுள்ள ஒரு சொல்லில் விரலை வைத்து, “இதென்ன சொல்லப்பு?” என்று கேளுங்கள். ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டு, “முதல்ல இருந்து சொல்லட்டோ?” என்று பிள்ளை கேட்டால், அது எழுத்தை வாசிக்கவில்லை. வகுப்போடு சேர்ந்து சொன்ன ஓசையைத்தான் மனனம் செய்திருக்கிறது. ‘பாட்டி’யைப் படம்போல அறிந்த பிள்ளைக்கு, அதே ‘பா’ ‘பாலம்’ என்று வரும்போது பிடிபடாது. ஒல்லாந்தப் போதகர் கேட்டுத் திருப்திப்பட்டுப் போனதும் இந்த ஓசையைத்தான்.

இந்தக் குறை வெளியே வருவது பெரும்பாலும் சாதாரண தரப் பரீட்சையில்தான். உயர்தரம் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி வேண்டும். வசனக் கணக்கை வாசித்து விளங்காத பிள்ளை அதைச் செய்யமுடியாது. தரம் இரண்டில் விழுந்த ஓட்டையைத் தரம் பதினொன்றில் ரியூட்டரிக் காசால் அடைக்கப் பார்க்கிறோம். காசு இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. கட்டணம் இல்லாத கல்வியில் கற்றல் மட்டும் விலைக்கு வருவது அப்படித்தான்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். மண்டபத்துக்கு வண்ணம் அடிப்பதைப் பேசுவதற்கு முன்னர் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: தரம் மூன்றில், முன்பின் பார்க்காத ஐந்து வரியை வாசித்துக் கருத்துச் சொல்லக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையை வருடத்துக்கு இரண்டு தடவை, வரவு இடாப்புக்குப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடக்குப்படுகிறது என்பது ஆசிரியருக்கு அந்த வருடமே தெரிந்தால், அடுத்த வகுப்புக்குப் போகமுன் திருத்தலாம்.