உப்புத்தாள்

1963 பிப்ரவரி 11. லண்டன், அபி ரோடிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடம். பீட்டில்ஸ் தம் முதல் நீள்தட்டின் பெரும்பகுதியை அந்த ஒரே நாளில் பாடி முடித்தார்கள். ஜான் லென்னனுக்குக் கடுமையான ஜலதோஷம். பாலும் தொண்டை மிட்டாயும் சிகரெட்டுமாக நாளை ஓட்டினார். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' தொண்டையைத் தீர்த்துவிடும் என்று அறிந்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தார். இரவு பத்து மணிக்கு மேல் அது பதிவானது. இரண்டாம் முறை முயன்றபோது குரல் போய்விட்டிருந்தது. தட்டில் நாம் கேட்பது முதல் முறை பாடியதைத்தான்.

இதை ஆவேசம் என்பார்கள். பலமுறை கேட்டபின் அதில் வீக்கத்தையும் கேட்கிறேன். உயர்ந்த ஸ்வரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு 400 தடவைக்கு மேல் மோதுகின்றன. சளியில் ஏற்கனவே வீங்கியவை சீராக மூடுவதில்லை. அவற்றை மூடவைக்கப் பாடகன் இன்னும் காற்றை அழுத்துகிறான். அழுத்தம் வீக்கத்தைக் கூட்டுகிறது. மிஞ்சிப்போனால் நாணிலுள்ள ரத்தக்குழாய் வெடிக்கும். அதே பாட்டில் பின்னால் வரும் 'ஊ'க்கள் வேறு வகை. நம்மவர் கள்ளத் தொண்டை என்று ஒதுக்கும் ஃபால்செட்டோ அது. நாண்கள் மெலிந்து நீண்டு, ஓரங்கள் மட்டுமே அதிர்வதால் மோதல் குறைவு.

பின்னால் வந்த மெட்டல் பாடகர்கள் கரகரப்பை வேறிடத்திலிருந்து எடுக்கக் கற்றார்கள். நாண்களுக்குச் சற்று மேலே போலி நாண்கள் என்று இரு மடிப்புகள் உண்டு. உறுமலிலும் நல்ல அலறலிலும் பெரிதும் அதிர்பவை அவை. கேட்பவனுக்குக் கிழிசல், பாடுபவனுக்கு வலி இருக்கக் கூடாது. வலித்தால் சுமை கீழே இறங்கிவிட்டதென்று பொருள். மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்கள் இந்த ஒரே எச்சரிக்கையையும் அணைத்துவிடுகின்றன.

ஆனால் பயணங்களில் தொண்டையைக் கெடுத்தது பாணி மட்டுமல்ல, காதும்தான் என்பேன். 1965இல் ஷே மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூச்சலிட்டபோது, பாடியவர்களின் குரலை அவர்களுக்கே திருப்பித் தரும் ஒலிபெருக்கி மேடையில் இல்லை. தன் குரல் கேட்காத மனிதன், அறியாமலே உரத்துப் பாடுவான். மேடை ஒலிபெருக்கிகளும், பிறகு காதுக்குள் செருகும் கருவிகளும் காத்த தொண்டைகள் பல என்று நினைக்கிறேன்.

இன்று பயணத்திலிருக்கும் பாடகர்களிடம் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. காலையில் உயர்ந்த ஸ்தாயியில், மிக மெல்ல, தெரிந்த பாட்டின் ஒரு வரி. உரக்கப் பாடினால் வீக்கம் மறைந்துகொள்ளும். மெல்லப் பாடும்போது மறையாது. ஒலி பிறக்கும் முன் காற்று மட்டும் வந்தாலோ, நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாவிட்டாலோ அன்று பேச்சைக் குறைக்க வேண்டும். கிசுகிசுப்பதும் ஓய்வல்ல, பலர் அதற்கும் தொண்டையை இறுக்குகிறார்கள். வீக்கம் வடிய ஸ்டீராய்டு போட்டு மேடையேறலாம். ஆனால் காயம் ஆறியிருக்காது.

லென்னனின் தொண்டை நெடுநாள் பழைய நிலைக்கு வரவில்லை. எச்சில் விழுங்குவதே உப்புத்தாளை விழுங்குவதுபோல் இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். மறுநாள் ஷெஃபீல்டிலும் ஓல்டாமிலும் அவர்களுக்கு நிகழ்ச்சி இருந்தது.