குக்கர் விசிலும் கதை சொல்லும்

திரைப்படத்தின் ஒலி என்றதும் பாடல்களும் பின்னணி இசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. சமையலறையில் எழும் குக்கர் விசிலும் கூரையில் விழும் மழையும் பெரும்பாலும் அந்த இசைக்கு அடியில் புதைந்துபோகின்றன. ஆனால், திரையில் காட்டப்படாத இடத்திலும் வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது என்பதை இவற்றைப்போல வேறெதுவும் சொல்வதில்லை.

நம் வீடுகளில் குக்கர் விசில் ஒரு கடிகாரம். எத்தனை விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று எண்ணிப் பழகிய பார்வையாளருக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டை விற்பது குறித்துக் கூடத்தில் கணவன் பேசுகிறான், மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். சமையலறை காட்டப்படுவதில்லை. முதல் விசிலுக்கு அவள் தலை திரும்புகிறது. மூன்றாவது விசிலுக்கு எழுந்திருக்க வேண்டியவள் எழவில்லை. நான்காவது, ஐந்தாவது என்று விசில் தொடர்கிறது. சோறு குழைகிறது என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எழாமல் இருப்பதே அவளது பதில்.

இதைப் படமாக்கும்போது உண்மையில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஒரு முறை எடுத்ததில் விசில் ஒரு சொல்லின் மீதும், மறுமுறை எடுத்ததில் வேறொரு சொல்லின் மீதும் விழும். இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது. எனவே வசனம் அமைதியில் பதிவாகும்; விசில் வர வேண்டிய இடத்தை நடிகருக்கு ஒருவர் கைச்சாடையால் உணர்த்துவார். பிறகு அடுப்பை மூட்டி, நடிகர்கள் அமர்ந்திருந்த கூடத்திலிருந்தே விசிலைத் தனியே பதிவுசெய்ய வேண்டும். அடுப்பருகே பதிவான விசிலைச் சேர்த்தால் குக்கர் கூடத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும். சுவரையும் கதவையும் கடந்துவரும்போது ஒலி இழக்கும் கூர்மைதான் தொலைவை உணர்த்துகிறது. யாரும் பேசாத அந்த அறையின் ஒலியையும் ஒரு நிமிடம் பதிவுசெய்தால், வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளை மறைக்க அது உதவும்.

மழையின் இயல்பு வேறு. விசில் வந்து மறைவது, மழை நீடிப்பது. நீடிக்கும் ஒலியைச் செவி விரைவில் மறந்துவிடும். ஆகவே, மழை தொடங்கும் கணமும் ஓயும் கணமுமே கதைக்குப் பயன்படுகின்றன. உரத்த குரலில் நடக்கும் சண்டைக்கு நடுவே மழை சட்டென நின்றால், அடுத்த வீட்டுக்கும் கேட்டுவிடும் என்ற கூச்சம் கதாபாத்திரங்களுக்கு வந்துவிடுகிறது.

மேலும், நாம் கேட்பது பெரும்பாலும் மழை விழும் பரப்பின் ஒலியைத்தான். தகரம், ஓடு, வாழையிலை, சிமென்ட் தளம் ஒவ்வொன்றும் வேறு விதமாக ஒலிக்கும். தகரத்தில் அறையும் மழை, வீட்டைக் காட்டும் முன்பே அங்கு வாழ்பவரின் நிலையைச் சொல்லிவிடும். படப்பிடிப்பில் லாரித் தண்ணீரால் பொழியும் மழையோடு மோட்டார் இரைச்சலும் சேர்ந்துவிடுவதால் அந்த ஒலி பயன்படாது. உண்மையான மழையைத் தனியே பதிவுசெய்ய வேண்டும். அடர்மழை மட்டும் பதிவானால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோலக் கேட்கும். கண்ணை மூடிக் கேட்டால் இக்குறை பிடிபடும். ஒலியைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. தாழ்வாரத்திலிருந்து பாத்திரத்தில் சொட்டும் நீர்போல, அருகிலுள்ள ஓர் ஒலியைச் சேர்த்தால் மழைக்கு இடமும் ஆழமும் கிடைக்கும்.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) பின்னணி இசையைப் பெரிதும் ஒதுக்கி, நறுக்குதல், அரைத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றின் ஒலிகளை நாள்தோறும் திரும்ப வரச்செய்தது. அப்படத்தின் மாமனார் குக்கர் சோற்றை விரும்புவதில்லை. விறகடுப்பில் வடித்த சோறுதான் வேண்டும் அவருக்கு. விசில் அடித்து 'முடிந்தது' என்று சொல்லும் வசதிகூட அந்த மருமகளுக்கு மறுக்கப்படுகிறது. தமிழில் பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) பின்னணி இசையே இன்றி, பயணத்தின் ஒலிகளைக் கொண்டே தன் கதையைச் சொன்னது.

தமிழில் பல படங்களுக்கு இன்றும் டப்பிங் அரங்கில்தான் குரல் பதிவாகிறது. அதனால் படப்பிடிப்பு நடந்த இடத்தின் ஒலிகள் கைவிடப்பட்டு, சேமிப்பிலுள்ள ஏதோ ஓர் ஊரின் மழையும் பறவையும் அங்கே வந்து அமர்கின்றன. டப்பிங் முறையைக் கைவிடாமலேயே இதைத் தவிர்க்கலாம். படப்பிடிப்பு முடிந்ததும் ஒலிப்பதிவாளருக்கு அதே இடத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்றவர்கள் அமைதி காத்தால் போதும். அப்படிப் பதிவான ஒலி கேட்கும் அளவுக்கு இறுதிக் கலவையில் இசை சற்று ஒதுங்கி வழிவிட வேண்டும்.