கல் வச்ச நகையை விற்கப் போனா எடை ஏன் குறையுது? கடைக்காரர் கழிப்பது நியாயமா என்று தெரிந்துகொள்வது எப்படி?

வாங்கும்போது '4 பவுன் அட்டிகை' என்றுதான் சொன்னார்கள். பீரோவில் இருந்த வரைக்கும் வீட்டில் எல்லோரும் அதை 4 பவுன் என்றே நினைத்தார்கள். அவசரத்துக்கு விற்கப் போனால், "கல்லு, அரக்கு எல்லாம் போக 3 பவுனுக்குக் கீழதாங்க வரும்" என்கிறார் கடைக்காரர். ஒரு பவுனுக்கு மேல் எங்கே போனது?

அந்த எடை புதிதாக எங்கும் போகவில்லை. அதில் பெரும்பகுதி முதல் நாளிலிருந்தே தங்கமாக இருந்ததில்லை. ஆனால், கழிப்பது நியாயம் என்பதால் கடையில் சொல்லும் கழிவு எண்ணும் நியாயம் என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு விஷயம்.

கடைக்காரர் ஏன் கழிக்கிறார்?

பழைய நகையை வாங்கும் கடை, பெரும்பாலும் அதை அப்படியே ஷோகேஸில் வைத்து விற்பதில்லை. உருக்கிக் கட்டியாக்கி, சுத்திகரித்துத்தான் மறுபடி பயன்படுத்துகிறது. எனவே, நெருப்பைத் தாண்டி எது மிஞ்சுமோ அதற்குத்தான் கடை காசு கொடுக்கும்.

உருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். கல்லுக்குப் பின்னால் வைத்து அடைத்த அரக்கு புகைந்து எரிந்துவிடும். முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து. சூட்டில் வெந்து வீணாகிவிடும். எனாமல் என்பது கண்ணாடிப் பொடியைக் குழைத்துப் பூசி, உலையில் சுட்டு ஒட்டவைப்பது. மூசையில் வெங்காரம் போட்டு உருக்கும்போது அது கசடாக மேலே மிதக்கும். நகையில் அதிகம் வரும் செயற்கைக் கெம்பும் அமெரிக்கன் டைமண்டும் சூட்டைத் தாங்கினாலும், கழற்றிய பிறகு அவற்றுக்கு மறுவிலை கிட்டத்தட்ட இல்லை.

வங்கியிலும் இதே கதைதான். நகைக்கடனுக்கு மதிப்புப் போடும்போது தங்கத்தின் மதிப்பை மட்டுமே எடுக்க வேண்டும், கல்லின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரே வித்தியாசம், அடகு நகை நம் கைக்குத் திரும்பி வரும். அதனால் அங்கே மதிப்பீட்டாளர் கொஞ்சம் கூடுதலாகக் கழித்தாலும் கடன் தொகைதான் குறையும். விற்பனையில் அப்படி இல்லை, போனது போனதுதான்.

கண்ணை ஏமாற்றும் எடை

இங்கேதான் கவனம் தேவை. கல் நகையைப் பார்த்த உடனே "பாதி கல்லுதானே இருக்கு" என்று தோன்றும். பார்வைக்குப் பாதி என்பது எடையில் பாதி அல்ல.

ஒரே அளவுள்ள 22 காரட் தங்கத்தையும் கெம்புக் கல்லையும் தராசில் வைத்தால், தங்கம் சுமார் 4 மடங்குக்கு மேல் கனமாக இருக்கும். கண்ணாடி மணி கல்லைவிட லேசானது. அரக்கு இன்னும் லேசு, கிட்டத்தட்ட தண்ணீர் கனம்தான். அதனால் இடத்தில் சரிபாதி கல், சரிபாதி தங்கம் என்று இருக்கும் நகையில்கூட, எடைக் கணக்கில் கல் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாது.

ஆக, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "மூணுல ஒரு பங்கு கல்லு போயிடும்" என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். எப்படி அந்த எண் வந்தது என்று கேட்கலாம்.

ஒரு அட்டிகையின் கணக்கு

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அட்டிகையின் பழைய பில்லில் மொத்த எடை 32 கிராம், கல் 5.600 கிராம், நிகர எடை 26.400 கிராம் என்று இருக்கிறது. இப்போது தராசில் வைத்தால் 31.850 கிராம் காட்டுகிறது. பல வருஷம் போட்டதில் 0.150 கிராம் தேய்ந்திருக்கிறது. இது இயல்புதான்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "கல்லு, அரக்கு, அழுக்கு எல்லாம் சேர்த்து 8 கிராம் கழியும்" என்கிறார். அப்படியானால் கைக்கு வருவது 23.850 கிராமுக்கான விலை, அதாவது 2,38,500 ரூபாய். பில்லை நம்பி வந்தவரோ தேய்மானம் போக 26.250 கிராமுக்கு 2,62,500 ரூபாய் வரும் என்று எதிர்பார்த்தார். 24,000 ரூபாய் இடிக்கிறது. யார் கணக்கு சரி?

"கல்லைக் கழற்றி, எடை போட்டு, என் முன்னாடியே உருக்கிப் பாருங்க" என்கிறார் நகைக்காரர். கழற்றிய கற்களை மட்டும் தராசில் வைத்தால் 5.600 கிராம். பில்லில் இருந்த அதே எண். மிச்சமுள்ள 26.250 கிராமை உருக்கினால் 25.150 கிராம் கட்டி கிடைக்கிறது. அரக்கும் அழுக்கும், உருக்கும்போது வரும் சின்னச் சேதமுமாகச் சேர்ந்து 1.100 கிராம் போயிருக்கிறது.

இப்போது உண்மை வெளியே வந்துவிட்டது. தங்கம் அல்லாதது மொத்தம் 6.700 கிராம். கடைக்காரர் சொன்ன 8 கிராமில் 1.300 கிராம் அதிகம். இன்றைய கணக்கில் அது 13,000 ரூபாய், கேட்டதால் திரும்பக் கிடைத்தது.

மிச்சம் 11,000 ரூபாய்? அது இந்தக் கடையில் போகவில்லை. வாங்கின அன்றைக்கே போய்விட்டது. அன்று பில் போட்டவர் கல்லை மட்டும் கழித்தார், கல்லுக்கு அடியில் இருந்த அரக்கைக் கழிக்கவில்லை. அந்த ஒரு கிராம் சொச்சத்தில் பெரும்பகுதி, தங்க விலை கொடுத்து வாங்கிய அரக்குதான். இதற்கு இன்றைய கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

எனாமலும் மணியும்

கல்லையாவது கழற்றலாம். எனாமலைக் கழற்ற முடியாது, உலோகத்தோடு உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் விற்கும் இடத்தில் எனாமல் கழிவு என்பது உருக்கும் வரை வெறும் உத்தேசம்தான். எனாமல் பூசுவதற்கு முன்பும் பின்பும் எடை போட்டால் சரியான கணக்கு தெரியும். ஆனால் அதைப் போடக்கூடிய ஒரே இடம் செய்யும் பட்டறை. மயில் டாலர், எனாமல் தோடு வாங்கும்போது "எனாமல் எடை தனியா போட்டிருக்கீங்களா?" என்று கேட்கும் ஆட்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அது.

மணி விஷயம் கொஞ்சம் சுலபம். நூலில் கோத்த கருகமணி, முத்து, பவளம் என்றால் நூலை அறுத்து, தங்கக் குண்டை மட்டும் தனியாக நிறுத்திவிடலாம். இதில் உத்தேசத்துக்கு வேலையே இல்லை. தங்கக் கம்பியில் கட்டியிருந்தால் கம்பியை வெட்டி மணியை உருவ வேண்டும், அவ்வளவுதான். அறுத்த பிறகு கம்பித் துண்டுகளையும் தங்கத்தோடு சேர்த்து எடை போடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். சின்னத் துண்டுகள்தான், ஆனால் ஒரு சரத்தில் நிறைய இருக்கும்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை கழிப்பு

சில இடங்களில் "கழிவு" என்ற ஒரே வார்த்தைக்குள் எல்லாமே போய்விடுகிறது. கல்லுக்கு ஒரு கழிப்பு, பற்றவைப்புக்கு ஒரு கழிப்பு, தரத்துக்கு ஒரு கழிப்பு என்று அடுக்குவார்கள். உருக்கிய கட்டியைக் காரட் மீட்டரில் வைத்துத் தரம் பார்த்தாகிவிட்டது என்றால், பற்றவைப்பில் இருந்த மட்டமான உலோகமும் அந்த எண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது. அதன் பிறகும் 'பத்தவைப்பு கழிவு' என்று தனியாகப் போட்டால், அது ஒரே விஷயத்துக்கு இரண்டாவது வெட்டு.

காரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனாமல் மேலோ, பற்றவைத்த இணைப்பின் மேலோ வைத்து எடுத்த ரீடிங் நகை முழுவதற்கும் பொருந்தாது.

உருக்கச் சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கையும் உண்டு. உருக்கிவிட்டால் நகை போய்விட்டது, கையில் இருப்பது கட்டி மட்டும். விலை பிடிக்கவில்லை என்றால் அந்தக் கட்டியைத்தான் வேறு கடைக்கு எடுத்துப் போக வேண்டும். அதனால் கல்லைக் கழற்றி எடை போடுவது வரை முதலில் கேளுங்கள். கிராமுக்கு என்ன விலை தருவார்கள், உருக்கு கூலி உண்டா என்பதை எல்லாம் பேசி முடித்த பிறகு உருக்கச் சொல்லலாம். நல்ல வைரமோ மாணிக்கமோ இருந்தால் கதையே வேறு. அதைச் சான்றிதழோடு தனியாக மதிப்பிட வேண்டும். கழற்றிய கல் எதுவாக இருந்தாலும் அது விற்பவருடையது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

ஹால்மார்க் நகைக்கான பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட் மற்றும் தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. 22 காரட் என்றால் நகையில் 22K916 என்ற முத்திரை இருக்கும். ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் தரத்தைச் சொல்லுமே தவிர, நகையில் எத்தனை கிராம் கல், எத்தனை கிராம் அரக்கு என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பில்தான். குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கும் உண்டு. அரக்கும் கல்லும் அதிகம் சேரும் வகைகளும் இவைதான், ஆகவே இங்கே பில்லை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

பில்லில் மொத்த எடை மட்டும் இருந்து, அதையே தங்க விலையால் பெருக்கியிருந்தால், கல்லையும் தங்க விலைக்கு வாங்குகிறோம் என்று அர்த்தம். கல்லுக்குத் தனி விலையும் போட்டு, எடையிலும் கழிக்காமல் விட்டிருந்தால் ஒரே கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறோம். பணம் கட்டுவதற்கு முன்பு கவுன்டரிலேயே "இதுல அரக்கு, எனாமல் எல்லாம் கழிச்ச நெட் வெயிட் எவ்வளவு?" என்று கேட்டு, அந்த எண்ணை பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

பழைய பில் தொலைந்துபோனவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த நகையை முன்பு எப்போதாவது அடகு வைத்திருந்தால், கடன் ஆவணத்தைத் தேடிப் பாருங்கள். மொத்த எடை, நிகர எடை, கல், அரக்கு, நூல் போன்றவற்றுக்கான கழிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்று கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2025-ல் விதித்திருக்கிறது. வங்கியின் கழிவு வழக்கமாகக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். கடையில் சொல்லும் கழிவு அதையும் தாண்டிப் போனால், கல்லைக் கழற்றி நிறுத்தாமல் விலை பேச வேண்டாம்.