கிரகணம் பார்த்தல்: நிக்டித் தமிழ்க் குடும்பங்களின் வழக்கங்களும் சொற்களும்

1. முன்னுரை

புனேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில்நகரின் ஒரு பகுதி நிக்டி. 1972இல் அமைக்கப்பட்ட புதுநகர வளர்ச்சி அமைப்பின் வழியே உருவான குடியிருப்புகளில், சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் நிலைத்துவிட்டன. வீட்டில் தமிழும் அண்டை அயலில் மராத்தியும் தொலைக்காட்சியில் இந்தியும் கேட்கும் இக்குடும்பங்களில், கிரகண நாளில் மூன்று மொழிகளின் சொற்களும் ஒருங்கே புழங்குகின்றன. உணவு, நீராடல், கோயில் நடையடைப்பு ஆகிய மூன்றிலும் இவர்கள் கைக்கொள்ளும் வழக்கங்களின் வரலாற்றை அச்சொற்களின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் எது நம்பிக்கை, எது பழக்கம் என்னும் வினாவிற்குச் செயலைவிடச் செயலைச் சொல்லும் வாக்கிய அமைப்பே தெளிவான விடை தருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. பிடித்தலும் விடுதலும்

பழந்தமிழில் கிரகணத்தைக் குறிக்கப் பாம்பே போதுமானதாக இருந்தது. குறுந்தொகையின் 395ஆம் பாட்டில் பாம்பு விழுங்கும் நிலவு உவமையாக வருகிறது. திருக்குறளின் 1146ஆம் குறளிலும் அலர் பரவுவதற்குப் பாம்பு கொண்ட திங்களே உவமை. இரண்டிலும் உண்ணாமையோ நீராடலோ பேசப்படவில்லை. எல்லாரும் காணும் நிகழ்ச்சி, காண்பவரால் தடுக்க இயலாத துன்பம் என்ற இரு பண்புகளே உவமைக்குப் பயன்பட்டன.

பின்னர் வந்த கிரகணம் என்ற வடசொல்லுக்குப் 'பற்றுதல்' என்பதே பொருள். எனினும் தமிழர் 'கிரகணம் பிடித்தது', 'கிரகணம் விட்டது' என்று பற்றுதலையே மீண்டும் பிடிக்க வைத்தனர். மராத்தியிலும் கிரகணம் 'லாக்லே' (பற்றியது), 'சுட்லே' (விடுபட்டது) என்றே சொல்வர். முற்காலத்தில் மகாராட்டிர ஊர்களில் மாங்க் சாதியினர் கிரகண வேளையில் 'தே தான், சுடே கிராண்' என்று கூவித் தெருவழியே தானம் கேட்டு வந்தனர். தானம் கொடுத்தால் பிடித்தது விடும் என்பது அதன் கருத்து. தமிழகக் கல்வெட்டுகளில் சூரிய, சோம கிரகண நாள்களில் அளிக்கப்பட்ட கொடைகள் இடம்பெறுவதும் இக்கருத்தோடு ஒத்தது. அஞ்சி ஒதுங்கும் வேளையாக மட்டுமன்றிக் கொடுத்துப் புண்ணியம் பெறும் வேளையாகவும் கிரகணம் கருதப்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நிழலே காரணம் என்பது அறியப்படாத காலத்தில் தோன்றி, அறிந்தபின் வெறுஞ்சடங்காக எஞ்சியவையே இவ்வழக்கங்கள் என்று சொல்வதுண்டு. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. கி.பி. 499இல் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் ஆரியபடீயம், சந்திரன் சூரியனை மறைப்பதையும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதையும் கூறிவிட்டது. நிழலைக் கணித்தே பஞ்சாங்கம் எழுதியவர்கள் அதே பஞ்சாங்கத்தில் நீராடும் நேரத்தையும் எழுதினார்கள். அறிவும் சடங்கும் ஒன்றையொன்று வெளியேற்றாமல் ஒரே பக்கத்தில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளன.

3. உணவு

சூரிய கிரகணத்திற்கு நான்கு யாமமும் சந்திர கிரகணத்திற்கு மூன்று யாமமும் முன்னரே உண்பதை நிறுத்த வேண்டும் என்பது தருமசாத்திரத் தொகுப்புகளின் விதி. யாமம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மராத்தியர் பெரிதும் பின்பற்றும் தர்மசிந்து பண்டரிபுரத்தைச் சேர்ந்த காசிநாத உபாத்யாயர் 1790ஐ ஒட்டி இயற்றியது. தமிழ்நாட்டு ஸ்மார்த்தர் வைத்தியநாத தீட்சிதீயத்தை நாடுவர்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். நிழல் பட்டது இரவு 9.57 மணி; விட்டது 1.26 மணி. மூன்று யாமத்தை ஒன்பது மணி நேரமெனக் கொண்டால் உண்ணாமை பகல் 12.57க்கே தொடங்கிவிடும். யாமத்தைப் பகலின் நீளத்தைக் கொண்டு கணிக்கும் பஞ்சாங்கங்களில் இது சற்று வேறுபடும். விதியை முழுமையாகக் கொண்டால் ஞாயிறு மதிய உணவை ஒரு மணிக்கு முன் முடித்துக்கொண்டு மறுநாள் காலைவரை உண்ணாதிருக்க வேண்டும். குழந்தைகள், முதியோர், நோயாளிகள், கருவுற்றோர் ஆகியோருக்கு மராத்திப் பஞ்சாங்கங்கள் இந்நேரத்தைப் பெரிதும் குறைத்துத் தனியே குறிக்கின்றன.

இம்முற்காலத்தின் பெயரில்தான் மொழிபெயர்ப்பாளர் தடுமாறுகிறார். மராத்தியில் அது 'வேத்'. துளைத்தல், தாக்குதல் என்னும் பொருளுள்ள 'வேத' என்ற வடசொல்லின் வழி வந்தது. மறைநூலாகிய வேதத்தோடு தொடர்பற்றது. தமிழில் அச்சொல் திருமணப் பொருத்தத்தில் பேசப்படும் 'வேதைப் பொருத்தம்' என்னும் தொடரில் வாழ்கிறது. கிரகணத்திற்கு அது பொதுப் பேச்சில் வழங்குவதில்லை. ஆகவே நிக்டியில் பிறந்த பிள்ளைகள் 'வேத் ஆரம்பிச்சாச்சா?' என்று கேட்கும்போது, பாட்டி 'கிரகணத்துக்கு முன்னாடியே சாப்பிட்டாச்சு' என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தித் தொலைக்காட்சி இதே காலத்தைச் 'சூதக்' என்கிறது. மராத்தியில் சூதக் என்பது பெரும்பாலும் இறப்புத் தீட்டு. தமிழில் சூதகம் பிள்ளைப்பேற்றுத் தீட்டையும் மாதவிலக்கையும் குறிக்கும். 'சூதக வலி' என்பது சித்த மருத்துவத்தில் வழங்கும் தொடர். இந்திச் செய்தியைத் தமிழாக்குபவர் ஒலி ஒற்றுமையை நம்பிச் 'சூதக காலம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் வேறொன்றை எண்ணிக்கொள்வார். 'கிரகணத்திற்கு முந்தைய தீட்டுக் காலம்' என்று விரித்தெழுதுவதே பொருந்தும்.

வீட்டில் இருக்கும் உணவைப் பற்றிய விதியிலும் ஒரு பாகுபாடு உண்டு. சமைத்த சோறும் குழம்பும் தள்ளத்தக்கவை. பால், தயிர், நெய், ஊறுகாய், குடிநீர் ஆகியவற்றில் தர்ப்பை இட்டுக் காக்கலாம். மராத்திய வீடுகளில் துளசி இலை இடுவதும் உண்டு. எளிதில் கெடுவதையும் நாள்பட இருப்பதையும் பிரிக்கும் இப்பாகுபாடு குளிர்பெட்டி வந்தபின் மங்கிவிட்டது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கலத்திலும் தர்ப்பை இடாமல், பெட்டியின் மேல் ஒரு தர்ப்பையை வைத்துவிடுவோர் உள்ளனர். எதைக் காப்பது, எதைத் தள்ளுவது என்ற கேள்வி மறைந்து, தர்ப்பை வைக்கும் செயல் மட்டும் எஞ்சும் இவ்விடத்தில் விதி பழக்கமாக மாறுவதைக் காணலாம்.

4. நீராடல்

பிடிக்கும்போது ஒன்று, விட்டபின் ஒன்று என இரு நீராடல்கள் விதிக்கப்பட்டுள்ளன. தந்தையை இழந்தவர் இடையே தர்ப்பணம் செய்வர். முதல் நீராடல் செபம், தானம், தர்ப்பணம் ஆகியவற்றிற்குத் தகுதி தருவது. இரண்டாவது தீட்டு நீக்குவது. நோக்கத்தில் இவை வேறானவை.

நடைமுறையில் முதலாவது பல வீடுகளில் மறைந்துவிட்டது. செபமும் தர்ப்பணமும் செய்யாத வீட்டில் அதற்கு வேலை இல்லை. இரண்டாவது நிலைத்திருக்கிறது, ஆனால் நேரம் நகர்கிறது. மேற்சொன்ன கிரகணம் விட்டது திங்கட்கிழமை அதிகாலை 1.26க்கு. காலை வேலைக்குச் செல்ல வேண்டியவர் அப்போது எழாமல், விடிந்தபின் வழக்கமாகக் குளிக்கும் குளியலையே கிரகணக் குளியலாகக் கொண்டுவிடலாம். செயல் எவ்விதத்திலும் மாறவில்லை. பெயர் மட்டும் மாறுகிறது. அன்றாடப் பழக்கத்தோடு ஒன்றக்கூடிய சடங்கு எதிர்ப்பின்றி நீடிக்கும் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டில் திராவிடர் கழகத்தார் கிரகண வேளையில் கூடி உண்டு காட்டுவதும் இங்கே கருதத்தக்கது. உண்ணாமையில் 'உண்டால் தீங்கு' என்ற மறுக்கத்தக்க கூற்று இருக்கிறது. குளித்தலில் அத்தகைய கூற்று இல்லாததால் மறுத்துக் காட்டவும் வழியில்லை.

5. கோயில் நடையடைப்பு

கோயிலை மூடுவது எங்கும் ஒரே விதி அன்று. மேற்சொன்ன நாளில் திருமலைக் கோயிலின் நடை பிற்பகல் 3.30க்கு அடைக்கப்பட்டு மறுநாள் அதிகாலை 3 மணிக்குத் திறக்கப்பட்டது. பஞ்சாங்கத்தின் மூன்று யாமக் கணக்கோடு இது பொருந்தவில்லை என்பதை நோக்குக. அடைப்பின் நேரம் அக்கோயிலின் சொந்த மரபைச் சார்ந்தது. மாறாக, இராகு கேது தலமாகிய காளத்தியில் கிரகணத்தின்போதும் நடை திறந்திருக்கிறது, வழிபாடும் நடைபெறுகிறது. இராமேசுவரத்தில் நடை அடைத்தாலும் அக்னி தீர்த்தத்தில் தீர்த்தவாரி உண்டு. தீட்டு வேளை, புண்ணிய வேளை என்னும் இரு கருத்துகளும் இவ்வாறு இன்றும் அருகருகே நிற்கின்றன.

வீட்டுப் பூசையறைக்குத் திரையிடுவது கோயிலைப் பார்த்து வந்தது. நிக்டியில் இருப்பவர் ஊர்க் கோயிலை நேரில் காண்பதில்லை. 'திருப்பதியிலேயே நடை சாத்திட்டான்' என்ற செய்தியே வீட்டுத் திரைக்குக் காரணமாகிறது.

6. நம்பிக்கையும் வழக்கமும்

மராத்தியில் 'பாள்ணே' (கடைப்பிடித்தல்), 'மான்ணே' (ஏற்று மதித்தல், நம்புதல்) என்று இரு வினைகள் உள்ளன. ஆகவே 'கடைப்பிடிக்கிறோம், ஆனால் நம்புவதில்லை' என்பதை ஒருவர் 'பாள்தோ, பண் மானத் நாஹீ' என்று எளிதாகச் சொல்லலாம். தமிழ்ப் பேச்சில் இவ்விடத்தில் வருவது 'பார்த்தல்'. 'எங்க வீட்டுல கிரகணம் பார்ப்போம்' என்றால் கடைப்பிடிப்போம் என்று பொருள். சகுனம் பார்த்தல், தீட்டுப் பார்த்தல் போன்றது. 'கிரகணம் பார்க்கக்கூடாது' என்றால் கண்ணால் காணக்கூடாது என்று பொருள். இவ்விரண்டையும் ஒரே வீட்டில் முரணின்றிச் சொல்லலாம். சாத்திரத்திலும் கண்ணுக்குப் புலனாகும் கிரகணத்திற்கே விதி உண்டு. 2025 செப்டம்பர் 21இன் சூரிய கிரகணம் இந்தியாவில் தெரியாததால் இங்கு அதற்கு விதி பொருந்தவில்லை. கண்ணால் பார்க்க இயலாததைக் கடைப்பிடித்தும் 'பார்க்க' வேண்டியதில்லை.

தமிழ் இருவினை இன்றியும் வேறுபாட்டை உணர்த்துகிறது. 'கிரகணத்துல சாப்பிட மாட்டோம்' என்பது பழக்கத்தைச் சொல்கிறது, எழுவாய் 'நாங்கள்'. 'சாப்பிடக்கூடாது' என்பது விதி. எழுவாய் இல்லை, விதித்தவரும் இல்லை. 'சாப்பிட்டா ஆகாது' என்பதில் 'ஆல்' ஈற்று எச்சமும் விளைவும் வருகின்றன, இதுவே நம்பிக்கை. உணவைப் பற்றி முதலிரண்டு வடிவங்களே மிகுதியாகக் கேட்கின்றன. குளியலைப் பற்றி முதல் வடிவமே போதுகிறது. கருவுற்ற பெண் வெளியே வருவதையும் கத்தி எடுப்பதையும் பற்றிப் பேசும்போது மட்டும் மூன்றாம் வடிவம் உடனே தோன்றுகிறது: 'வெட்டினா குழந்தைக்கு உதடு பிளந்துடும்.' பிளவுதட்டிற்கும் கிரகணத்திற்கும் தொடர்பில்லை என்பது மருத்துவம் அறிந்ததே. ஆயினும் குளியலைக் காலைக்குத் தள்ளி வைக்கும் வீட்டிலும் இவ்விலக்கு தள்ளிப்போவதில்லை. இழப்பு நேர்ந்தால் ஈடு செய்ய இயலாத இடத்தில் நம்பிக்கை கடைசிவரை நிற்கிறது.

இவ்வாக்கியங்களை மொழிபெயர்ப்போர் மூன்றையும் 'நம்புகிறார்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினால், பேசியவர் சொல்லாத நம்பிக்கையை அவர்மேல் ஏற்றிவிடுவோம். எது நம்பிக்கை, எது பழக்கம் என்பதைப் பேசுபவரே தம் வினைமுற்றில் பிரித்துத் தந்திருக்கிறார். அதைக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை.