விலைப்போக்கு (சந்தை)

விலைப்போக்கு என்பது ஒரு பொருளின் விலை, ஏறியும் இறங்கியும், சிறிது காலத்துக்குத் தொடர்ந்து நகரும் திசை. ஏற்றம், இறக்கம், பக்கவாட்டு நகர்வு என அது மூவகைப்படும். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளின் மூலப்பொருளான பஞ்சு, 2021 முதல் 2023 வரை இம்மூன்றையும் அடுத்தடுத்துக் கண்டது.

அடையாளம்

விலை வரைபடத்தில் உச்சங்களையும் பள்ளங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் முந்தையவற்றைவிட உயர்ந்தால் ஏற்றம். இரண்டும் தாழ்ந்தால் இறக்கம். உச்சங்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்திலும் பள்ளங்கள் மற்றொரு மட்டத்திலும் நின்றால் பக்கவாட்டு. அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டோவின் எழுத்துகளிலிருந்து வளர்ந்த முறை இது.

பஞ்சு விலை, 2021–23

2021 தொடக்கத்தில் ஒரு கேண்டி (356 கிலோ) பஞ்சு 50,000 ரூபாய்க்கும் குறைவு. 2022 மே மாதம் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய அரசு 11 விழுக்காடு இறக்குமதி வரியை நீக்கிய பிறகும் ஏற்றம் உடனே நிற்கவில்லை. அவ்வாண்டின் பிற்பாதியில் விலை சரிந்தது. 2023இல் பெரும்பாலும் 55,000–62,000 ரூபாய்க்குள் ஊசலாடியது.

அணுகுமுறை

ஏற்றத்தில், விலை தணிந்து மீண்டும் திரும்பும்போது வாங்குவதும், கடைசிப் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே நட்டத்தடுப்பு (ஸ்டாப் லாஸ்) வைப்பதும் வழக்கம். ஒரு கற்பனைக் கணக்கு: பள்ளம் 75,000, உச்சம் 90,000, அடுத்த பள்ளம் 84,000. விலை திரும்பியதும் 85,000இல் வாங்கி, நட்டத்தடுப்பை 83,500இல் வைக்கிறார் வணிகர். விலை ஒரு லட்சம் தொட்டு, 91,000க்கு இறங்கித் திரும்புகிறது. நட்டத்தடுப்பை 90,500க்கு உயர்த்துகிறார். அடுத்த உச்சம் 98,000தான். முந்தையதைவிடத் தாழ்வு, முதல் எச்சரிக்கை. பிறகு 91,000 உடைந்தால் ஏற்றம் முடிந்தது. அவர் 5,500 ரூபாய் லாபத்துடன் வெளியேறுவார்.

இறக்கத்தில் விலை மலிந்ததாகத் தோன்றுவதே பொறி. முன்பேர வணிகர் தற்காலிக மீட்சியில் விற்பார். ஆலைக்காரர் உடனடித் தேவைக்கு மட்டும் பஞ்சு வாங்குவார். அதிக விலைக்கு வாங்கி இருப்பு வைத்த பஞ்சு நூலாகும்போது நூல் விலையும் சரிந்திருக்கும்.

பக்கவாட்டில் அடிமட்டத்தில் வாங்கி மேல்மட்டத்தில் விற்பது பொருந்தும். நடுவில் நுழைந்தால் நட்டத்துக்கும் லாபத்துக்கும் இடைவெளி ஒன்றாகிவிடும். எல்லை உடைந்தபின் அதே உத்தியைத் தொடர்வது ஆபத்து.

வரம்புகள்

நாள் வரைபடத்தில் இறக்கமாகத் தெரிவது, வார வரைபடத்தில் ஏற்றத்தின் ஒரு தணிவாக இருக்கலாம். ஆகவே எவ்வளவு காலத்துக்கு வாங்குகிறோமோ அதற்கேற்ற வரைபடத்தையே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் எல்லையைத் தாண்டிவிட்டு விலை உள்ளே திரும்பும் பொய் உடைப்புகள் மிகுதி. நாளின் இறுதி விலை எல்லைக்கு வெளியே நிற்கிறதா என்று பார்ப்பது அவற்றைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. போக்கு மாறிவிட்டது என்பது சில ஆயிரம் ரூபாய் நகர்ந்த பிறகே உறுதியாகும் என்பதால், உச்சத்தில் விற்பதோ அடியில் வாங்குவதோ இம்முறையில் இயலாது.