கால் பங்கு கிரகணம் என்பது கால் பங்கா?

2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம் வந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். கோவை, திருச்சிப் பக்கம் கங்கணமாகத் தெரிந்தது; உத்திரமேரூரில் நமக்குப் பகுதி கிரகணம்தான். இத்தனை சதவீதம் மறையும் என்று அப்போது ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறொன்று சொன்னார். இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒருவர் விட்டத்தில் எத்தனை பங்கு என்று அளந்திருப்பார். மற்றவர் பரப்பில் எத்தனை பங்கு என்று அளந்திருப்பார். விட்டத்தில் கால் பங்கு மறைந்தால் பரப்பிலும் கால் பங்கு மறைந்துவிடாது. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இரண்டு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறி நின்றால், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகுதி கிடைக்கும். இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் பருத்து, கண் போல இருக்கும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு மொழியில் கண்ணாடி லென்சுக்கும் மைசூர்ப் பருப்பு ஜாதிக்கும் ஒரே சொல்தான்: லாந்தீய். பருப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் இந்த வடிவம்தான் தெரியும்.

இந்த வடிவத்தின் இரண்டு கூர்முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணையுங்கள். லென்ஸ் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் ஒரு வட்டத்துண்டு. வளைந்த பக்கம் வில், நேர்க்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்கு உள்ள உயரத்தை நம் பழைய கணிதர்கள் சரம், அதாவது அம்பு என்றார்கள். பிரெஞ்சுப் பாடத்திலும் இதே மூன்றுதான்: ஆர்க் என்றால் வில், கோர்த் என்றால் நாண், ஃப்ளேஷ் என்றால் அம்பு. எங்கோ இருக்கும் இரண்டு நாட்டுக்காரர்களும் வட்டத்துண்டைப் பார்த்து வில்லைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

இரண்டு அம்புகளின் நீளமும் தெரிந்தால் இரண்டு வட்டத்துண்டுகளின் பரப்பும் தெரிந்துவிடும். கூட்டினால் லென்சின் பரப்பு. ஆனால் கிரகணத்தில் நமக்குத் தெரிவது மூன்றே மூன்று: மறைக்கும் வட்டத்தின் விட்டம், மறைபடும் வட்டத்தின் விட்டம், எவ்வளவு தூரம் உள்ளே நுழைந்திருக்கிறது என்ற அளவு. இந்தக் கடைசி அளவுக்குக் கிராசம் என்று பெயர். விழுங்கிய கவளம் என்று பொருள். இந்த மூன்றிலிருந்து அம்புகளைக் கண்டுபிடிக்கும் வழியை 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் ஆரியபட்டர் ஒரே சுலோகத்தில் சொல்லிவிட்டார்.

அந்தச் சுலோகத்துக்கு 629-இல் முதலாம் பாஸ்கரர் உரை எழுதியபோது ஓர் உதாரணம் கொடுத்தார். சந்திரனின் விட்டம் 32. மறைக்கும் நிழலின் விட்டம் 80. நுழைந்த அளவு 8. அம்புகள் எவ்வளவு?

ஒவ்வொரு விட்டத்திலிருந்தும் 8-ஐக் கழியுங்கள். நிழலுக்கு 72, சந்திரனுக்கு 24. இரண்டையும் கூட்டினால் 96. இப்போது 72-ஐ 8-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்தால் 6. அதே போல 24-ஐ 8-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்தால் 2. இங்கேதான் கவனம் வேண்டும்: விடைகளை மாற்றிப் போட வேண்டும். நிழலின் விட்டத்திலிருந்து வந்த 6 சந்திரனின் அம்பு. சந்திரனின் விட்டத்திலிருந்து வந்த 2 நிழலின் அம்பு. பெரிய வட்டம் அதிகம் வளையாது, ஆகவே அதன் அம்பு குட்டையாகத்தான் இருக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தவறாது.

விடை சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. இரண்டு துண்டுகளுக்கும் நாண் ஒன்றே. அம்பையும், விட்டத்தில் அம்பு போக மீதியையும் பெருக்கினால் அரை நாணின் வர்க்கம் வரும். சந்திரனில் 6-ஐ 26-ஆல் பெருக்கினால் 156. நிழலில் 2-ஐ 78-ஆல் பெருக்கினாலும் 156. இரண்டும் ஒத்துப்போகின்றன. 156-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய பன்னிரண்டரை. ஆக நாண் 25.

இனிப் பரப்பு. நம் ஏரிக்கரை வளைவை ஒட்டிய ஒரு கழனியை எண்ணிப் பாருங்கள். கரை வில், எதிர் வரப்பு நாண். நாணையும் அம்பையும் மட்டும் அளந்து பரப்பு சொல்ல வேண்டும். இதற்கு மிகப் பழைய வழி: நாணோடு அம்பைக் கூட்டி, அம்பால் பெருக்கி, பாதியாக்குவது. எகிப்து, சீனா, கிரேக்கம் எல்லா இடத்திலும் இது புழங்கியது. நம் உதாரணத்தில் சந்திரத் துண்டு 93, நிழல் துண்டு 27, ஆக மொத்தம் 120.

8 அல்லது 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்ரீதரர் இதைத் திருத்தினார். பழைய விடையை 10-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 3-ஆல் வகுக்கச் சொன்னார். மொத்தம் 126.5 ஆகிறது. 850-ஐ ஒட்டி ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில் எழுதிய மகாவீரர் வேறு வழி சொன்னார்: நாணை அம்பால் பெருக்கி 4-ஆல் வகுத்து, 10-இன் வர்க்கமூலத்தால் பெருக்குவது. அப்படிப் பார்த்தால் மொத்தம் 158. இருவரும் பெரிய கணிதர்கள். விடைகளுக்கு நடுவிலோ முப்பதுக்கு மேல் வித்தியாசம்!

யார் சொன்னது சரி என்று பார்க்க, வில்லின் நீளத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். வட்டத்தின் மையத்திலிருந்து நாணின் இரு முனைகளுக்கும் கோடு இழுத்தால் விசிறி போல ஒரு பகுதி கிடைக்கும். வில்லின் நீளத்தை ஆரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் விசிறியின் பரப்பு. அதிலிருந்து மையத்துக்கும் நாணுக்கும் நடுவில் உள்ள முக்கோணத்தைக் கழித்தால் வட்டத்துண்டு மிஞ்சும். சந்திரனில் ஆரம் 16. விசிறி 229.3. முக்கோணம் 124.9. மீதி 104.4. நிழலில் ஆரம் 40. விசிறி 508.1. முக்கோணம் 474.6. மீதி 33.5. கூட்டினால் லென்சின் பரப்பு 137.9.

ஆக ஸ்ரீதரர் சுமார் 8 சதவீதம் குறைவு, மகாவீரர் சுமார் 15 சதவீதம் அதிகம். காரணம் இதுதான். சரிபாதி வட்டத்துக்கு இரண்டு வழியும் நன்றாகவே பொருந்தும். துண்டு மெலிய மெலிய, உண்மையான பரப்பு நாணையும் அம்பையும் பெருக்கியதில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். ஸ்ரீதரரின் வழி பாதிக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. மகாவீரரின் வழி முக்கால் பங்கையும் தாண்டிவிடுகிறது. மெல்லிய துண்டுக்கு மூன்றில் இரண்டு என்று எடுத்துக்கொண்டால் போதும்: நிழல் துண்டுக்கு 33.3 வருகிறது, சரியான விடை 33.5.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். சந்திரனின் முழுப் பரப்பு 804. அதில் மறைந்தது 138. விட்டத்தில் 32-க்கு 8, அதாவது கால் பங்கு. பரப்பிலோ 17 சதவீதம்தான், ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். இதே சந்திரனில் விட்டத்தில் பாதி மறைந்தால் பரப்பில் 46 சதவீதம். முக்கால் மறைந்தால் 77 சதவீதம். முதலில் பின்தங்கிய பரப்பு பிறகு விட்டத்தை முந்திவிடுகிறது.

சூரிய கிரகணத்தில் கதை வேறு. அங்கே இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. விட்டத்தில் பாதி மறைந்தால் பரப்பில் 39 சதவீதம்தான். ஆகவே அடுத்த முறை சதவீதம் கேட்டால், எதன் சதவீதம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிராசம் 24 என்று வைத்து ஆரியபட்டரின் வழியில் போனால் சந்திரனின் அம்பு 21 வரும். இது ஆரமான 16-ஐ விடப் பெரிது. அப்படியானால் நாண் சந்திரனின் மையத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது முக்கோணத்தைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். அல்லது மறையாத பக்கத்துத் துண்டைக் கணக்கிட்டு முழு வட்டத்திலிருந்து கழிக்கலாம். ஸ்ரீதரர், மகாவீரர் வழிகள் இங்கே உதவா. அம்பு முழு விட்டமாகிவிட்டால் நாண் பூஜ்யம். மகாவீரர் வழியில் முழு வட்டத்தின் பரப்பே பூஜ்யம் என்று வந்துவிடும்!

கிரேக்கர்கள் இந்தப் பரப்புக் கணக்கைக் கிரகணத்துக்கென்றே போட்டார்கள். அலெக்சாந்திரியாவில் 2-ஆம் நூற்றாண்டில் தாலமி தன் அல்மகெஸ்ட் நூலில், விட்டத்தைப் பன்னிரண்டு விரலாகப் பிரித்து, இத்தனை விரல் விட்டம் மறைந்தால் இத்தனை விரல் பரப்பு மறையும் என்று அட்டவணையே போட்டுவைத்தார். விசிறியில் முக்கோணத்தைக் கழிக்கும் அதே வழிதான்.

நம்மவர்களிடம் கருவி இல்லாமல் இல்லை. ஆரியபட்டரின் அதே நூலில் 3.1416 என்ற விகிதம் இருக்கிறது. ஜ்யா அட்டவணை இருக்கிறது. அம்பு காணும் வழியும் இருக்கிறது. ஆனாலும் பஞ்சாங்கக் கணிதத்தில் மறைவை விட்டத்தில்தான் அங்குலமாகச் சொன்னார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: பஞ்சாங்கக்காரரிடம் ஊர் கேட்டது பரப்பை அல்ல, நேரத்தை. எப்போது பிடிக்கும், எப்போது விடும், எப்போது முழுகலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு மையங்களுக்கும் இடையே உள்ள தூரம் தெரிந்தால் போதும்.

நேரத்தில் அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் சாட்சி. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769-இல் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன லெ ழாந்தீய், அங்கே தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்குத் தமிழ் முறையில் கணித்த கால அளவு 41 விநாடிதான் குறைவு. ஐரோப்பாவில் அன்று பேர்பெற்ற மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி அதிகம். ஒரு கிரகணத்தை வைத்து எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கு வாய்ப்பாடாகவே மனத்தில் இருக்க, சோழியை அடுக்கிப் போட்ட கணக்கு அது.

விட்டத்துக்கும் பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் நீங்களே பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரையுங்கள். பக்கத்திலேயே இன்னொன்றை, அதன் விளிம்பு முதல் வட்டத்தின் மையத்தைத் தொடும்படி வரையுங்கள். விட்டத்தில் சரிபாதி மறைந்திருக்கும். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாதி மறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணே இல்லை என்று சொல்லும்.