நாஸ்: நிலையான முகவரியும் பெயரும்

வலையமைப்பில் இணைந்த சேமிப்பகமான நாஸுக்கு ரௌட்டர் தரும் முகவரி தற்காலிகமானது. மின்சாரம் போய் வந்ததும் அது மாறக்கூடும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. அத்தகைய நாட்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழும்.

ஹட்டன் பக்கத் தோட்ட அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணினிகள் செக்ரோல் கோப்புறையை 192.168.1.23 என்ற முகவரியில் தேடுகின்றன. நாஸோ இப்போது 192.168.1.31இல் இருக்கிறது. கோப்புகள் அப்படியே இருந்தும் கோப்புறை திறக்காது.

இதற்கு நாஸின் மேக் முகவரியை ரௌட்டரின் டி.எச்.சி.பி பகுதியில் பதிந்து, 192.168.1.50 போன்ற ஒன்றை ஒதுக்க வேண்டும். நாஸிலேயே எண்ணை நிலைப்படுத்துவதானால், ரௌட்டர் தானாகப் பகிரும் எண்வரிசைக்கு வெளியே உள்ளதையே தேர வேண்டும். இல்லையேல் வேறொரு கருவிக்கும் அதே எண் போய் இரண்டும் தடுமாறும். ரௌட்டரில் ஒதுக்குவதே மேல். ஆனால் ரௌட்டர் இடி மின்னலில் பழுதாகிப் புதியது வந்தால், ஒதுக்கீட்டை மீண்டும் பதிய வேண்டும்.

அடுத்து நாஸுக்கு `thottam` எனப் பெயரிட்டு, கணினிகளில் `\\thottam\checkroll` என்று இணைக்கலாம். பெயர் 15 எழுத்துக்குள், இடைவெளியின்றி இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் இப்படிச் சோதிக்கலாம்:

```
ping 192.168.1.50
ping thottam.local
```

முதலாவது பதிலளித்து இரண்டாவது தவறினால், கோளாறு பெயரறிதலில்தான். தோட்டத்தின் தொழிற்சாலைக்குத் தனி ரௌட்டர் இருந்தால் `.local` பெயர் அங்கே எட்டாது.